அடுக்கு விமானத்தை உறுப்புகளால் கட்டுதல்: கணினி மாதிரியில் தளம், எண்ணிக்கை, ஒரே டெக்ஸ்சர்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாகச் செய்ய முனையும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். 13 தளங்களையும் தனித்தனியாகச் செய்ய முடியாது. அப்படியானால் எதைச் செய்து எதைத் திரும்ப அடுக்குவது? இதற்குப் புழக்கத்தில் உள்ள விடைகள் பல. ஒரு தளத்தைச் செய்து சுருக்கிச் சுருக்கி மேலே வைப்பவர்கள் உண்டு. ஒரு பக்கச் சுவரைச் செய்து நான்கு புறமும் திருப்புபவர்கள் உண்டு. சின்னச் சின்ன உறுப்புகளைச் செய்து விதிப்படி கோப்பவர்களும் உண்டு. மூன்றுமே படத்தில் ஒரு கோபுரத்தைக் காட்டிவிடும். ஆனால் பார்த்தவுடனே 'இது சோழர் விமானம்' என்று தோன்றுவதும் தோன்றாததும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. மென்பொருளின் வசதி எந்த இடத்தில் விமானத்தின் இலக்கணத்தோடு ஒத்துப்போகிறது, எந்த இடத்தில் அதை மீறுகிறது என்பதை ஒரு மாதிரியைக் கணக்கிட்டுக்கொண்டே இக்கட்டுரையில் பார்க்கலாம்.

ஏற்கெனவே உறுப்புகளாக இருக்கும் கட்டடம்

திராவிட விமானத்தின் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சிறு கோயில் வடிவங்கள் மாலை கோத்ததுபோல் வரிசையாக நிற்கும். இந்த வரிசைக்கு ஹாரம் என்று பெயர். மூலைகளில் நிற்பது கர்ணகூடம்: சதுர அடி, மேலே குவிந்த கூரை. முகப்பின் நடுவில் நிற்பது சாலை: நீள்சதுர அடி, வண்டிக்கூடு வடிவக் கூரை. இவற்றுக்கிடையே ஒடுங்கிய முகப்போடு நிற்பது பஞ்சரம். இம்மூன்றும் வெறும் அலங்காரமல்ல, முழுக் கோயில்களின் சிறு உருவங்கள். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் பீமரதத்தின் கூரை சாலையின் கூரை. பின்புறம் வளைந்த சகாதேவ ரதத்தை முன்னாலிருந்து பார்த்தால் பஞ்சரத்தின் முகம் தெரியும். கட்டடக்கலை ஆய்வாளர் ஆடம் ஹார்டி இந்தியக் கோயில் வடிவங்களை இப்படிச் சிறுகோயில் உருவங்களின் கூட்டாகவே படித்துக் காட்டியிருக்கிறார். மாதிரி செய்பவர் இந்தப் பார்வையிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. எங்கே வெட்டுவது என்ற முடிவைச் சிற்பிகள் நமக்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் எடுத்த இன்னொரு முடிவு பலரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மேலே போகப்போகத் தளம் குறுகுகிறது. அந்தக் குறுகலைப் பெரும்பாலும் உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தே சமாளிக்கிறார்கள். உறுப்பின் அளவைக் குறைப்பது அதற்கு அடுத்தபடிதான். கீழ்த்தளத்தில் பல சாலைகளும் பஞ்சரங்களும் நிற்கும் முகப்பில், மேல்தளத்தில் இரண்டு கூடங்களும் நடுவே ஒரு சாலையும் மட்டுமே மிஞ்சும். கண் இதை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் உணர்ந்துகொள்கிறது. எல்லாத் தளத்திலும் ஒரே எண்ணிக்கையில் உறுப்புகளைச் சுருக்கி வைத்த மாதிரியில் விமானத்தின் கனம் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

கோபுரங்களின் கதை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுரையின் உயர்ந்த கோபுரங்களைப் போல ஆயிரக்கணக்கான சுதைச் சிற்பங்கள் நெருங்கி நிற்குமிடத்தில், ஒரே உருவத்தைத் திரும்ப வைத்தால் பொய் உடனே வெளிப்படும். அங்கே உறுப்பு முறை கட்டடச் சட்டத்தோடு நின்றுவிடும். கருங்கல்லில் எழுந்த 1010ஆம் ஆண்டுத் தஞ்சை விமானம் இந்த முறைக்கு மிகவும் இணங்கி வரும் கட்டடம் என்பதால்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கி அடுக்கும் வழி

பிளெண்டர் மென்பொருளில் `Array` மாடிஃபையர் ஒரு பொருளை வரிசையாகப் பெருக்கும். அதில் `Object Offset` என்ற வசதியைத் தேர்ந்து, ஒரு `Empty` பொருளைக் கொஞ்சம் மேலே நகர்த்தி, கொஞ்சம் சிறிதாக்கி வைத்தால், ஒவ்வொரு படியும் முந்தைய படியை அதே விகிதத்தில் சுருக்கிக்கொண்டே மேலே போகும். ஒரு தளத்தை மட்டும் செய்துவிட்டுச் சில நொடிகளில் 13 தளமும் பெற்றுவிடலாம். அதனால்தான் பெரும்பாலானோர் முதலில் இந்த வழியைப் பிடிக்கிறார்கள்.

இந்த வழியில் புறக்கோடு வளைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வளையாது. அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால், தளங்களின் விளிம்புகள் ஒரே நேர்கோட்டில்தான் விழும். சுருங்கும் அகலத்தோடு சுருங்காத உயரத்தைச் சேர்த்தால்தான் புறக்கோடு உள்வாங்கி வளையும். தஞ்சை விமானத்தின் புறக்கோடு நேரானது. அடுத்த தலைமுறையில் எழுந்த கங்கைகொண்டசோழபுரத்தின் 9 தள விமானம் மெல்ல உள்வாங்கி வளைந்தது. ஆகவே வடிவக்கோட்டைப் பொறுத்தவரை இந்த வழி தஞ்சைக்குப் பொருந்தத்தான் செய்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் மாதிரியில் முதல் தளம் 20 மீட்டர் அகலம், 13ஆம் தளம் 8 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். இது தஞ்சை விமானத்தின் அளவெடுத்த நகல் அல்ல. அதன் அமைப்பைப் பின்பற்றும், அளவில் சிறிய மாதிரி. 20 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு 12 படிகளில் வர ஒவ்வொரு படியும் சுமார் 0.9265 மடங்காகச் சுருங்க வேண்டும். உச்சித் தளத்தில் எல்லாமே 40 விழுக்காடு அளவுக்கு வந்துவிடும். கீழே அரை மீட்டருக்கு ஒன்றாக இருந்த கூடு வளைவுகள் மேலே 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருங்கும். முதல் தளம் 2.5 மீட்டர் உயரம் என்றால் 13 தளமும் சேர்ந்து 21.4 மீட்டர்தான் வரும். உயரம் மாறாமல் வைத்திருந்தால் 32.5 மீட்டர் வந்திருக்கும். பரப்பின் மேல் டெக்ஸ்சரும் சேர்ந்து சுருங்குவதால், கீழே மீட்டருக்கு 512 பிக்சல் இருந்தது மேலே 1280 ஆகிறது. பார்வையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் தளத்துக்கு மிக நுணுக்கமான படம் போய்ச் சேர்கிறது. கல்லின் சொரசொரப்பும் சிறுத்துவிடுவதால் மேல்தளங்கள் பொம்மைபோல் தோன்றும். கண் தொலைவை எடைபோடுவது இந்தச் சொரசொரப்பின் அளவையும் வைத்துத்தான்.

ஆக, இந்த வழி தொலைதூரப் பின்னணிக்குப் போதும். அருகில் நின்று அண்ணாந்து பார்க்கும் காட்சிக்குப் போதாது.

எண்ணிக்கையைக் குறைக்கும் வழி

இதற்கு முதலில் ஓர் அலகு வேண்டும். நம் மாதிரிக்கு அரை மீட்டரை அலகாக எடுக்கிறேன். கர்ணகூடம் 2 மீட்டர் அகலம், பஞ்சரம் 1 மீட்டர், பக்கச் சாலை 2.5 மீட்டர், அடுத்தடுத்த உறுப்புகளுக்கிடையே சுவர் தெரியும் இடைவெளி அரை மீட்டர். இந்த எண்களில் ஒரு பொருத்தத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்: இரண்டு பஞ்சரமும் அவற்றின் நடு இடைவெளியும் சேர்ந்தால் 2.5 மீட்டர், அதாவது ஒரு பக்கச் சாலையின் நீளம். எனவே பஞ்சரத்துக்கு ஓர் இடம், பக்கச் சாலைக்கு இரண்டு இடம் என்று எண்ணிக்கொண்டு, ஒன்றை எடுத்து மற்றொன்றைத் தாராளமாக வைக்கலாம்.

நடுச் சாலை மட்டும் நீளம் மாறக்கூடியது. வண்டிக்கூடு வடிவக் கூரை உள்ள சாலையின் இரு முனைகளும் மாறாதவை. நடுப்பகுதி ஒரே குறுக்குவெட்டு உடையது. அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு நடுத் துண்டைச் செய்து, அதை எத்தனை தேவையோ அத்தனை முறை பெருக்கி, இரு முனையிலும் முனைத்துண்டை ஒட்டினால் போதும். `Array` மாடிஃபையரில் `Start Cap`, `End Cap` என்று இதற்கே இடம் வைத்திருக்கிறார்கள். முகப்பில் மிஞ்சும் நீளம் முழுவதையும் இந்த நடுச் சாலை விழுங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு தளமும் முந்தையதைவிட 1 மீட்டர் குறுகட்டும். முகப்பின் ஒரு பாதியில் எத்தனை இடங்கள், நடுச் சாலைக்கு எத்தனை மீட்டர் என்பதை ஐந்து வரியில் கணக்கிட்டுவிடலாம்:

```python
for k in range(13):
    L = 20 - k
    m = (L - 8) // 3
    s = L - 5 - 3*m
    print(k + 1, L, m, s)
```

இதில் `L` தளத்தின் அகலம், `m` ஒரு பாதியின் இடங்கள், `s` நடுச் சாலையின் நீளம். 5 என்பது இரு மூலைக் கூடங்களின் 4 மீட்டரும், விலக்க முடியாத இரண்டு அரை மீட்டர் இடைவெளிகளும். 3 என்பது இரு பாதியிலும் ஒவ்வோர் இடம் கூடும்போது ஏறும் நீளம். முதல் தளத்துக்கு விடை 4 இடம், 3 மீட்டர் சாலை. அந்த நான்கு இடத்தைப் பஞ்சரம், பக்கச் சாலை, பஞ்சரம் என்று நிரப்புகிறேன். இரண்டாம் தளத்தில் 3 இடம், 5 மீட்டர் சாலை. மூன்றாவதில் 3 இடம், 4 மீட்டர் சாலை. நான்காவதில் 3 இடம், 3 மீட்டர் சாலை. ஐந்தாவதில் ஓர் இடம் உதிர்ந்து சாலை மீண்டும் 5 மீட்டராக நீள்கிறது. இப்படியே மூன்று தளத்துக்கு ஒருமுறை ஓர் இணை உறுப்பு உதிர்ந்துகொண்டே போய், 11ஆம் தளத்தில் கூடம், சாலை, கூடம் என்பது மட்டும் மிஞ்சுகிறது. 13ஆம் தளத்தில் 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் சாலை.

மூன்று இடம் உள்ள தளங்களில் பக்கச் சாலையைக் கூடத்தை ஒட்டியும் பஞ்சரத்தை நடுச் சாலையை ஒட்டியும் வைக்கிறேன். இரண்டு இடம் உள்ளவற்றில் பக்கச் சாலை மட்டும். ஓர் இடம் உள்ளவற்றில் பஞ்சரம் மட்டும். இந்தத் தேர்வுகளை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் நடு அச்சில் எப்போதும் சாலையே நிற்க வேண்டும். எல்லாத் தளத்தின் சாலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் ஏறுவதுதான் முகப்புக்கு முதுகெலும்பு. இடம் போதவில்லை என்று ஏதாவது ஒரு தளத்தில் நடுவே பஞ்சரம் வந்துவிட்டால், நேராக நின்று பார்க்கும்போது அந்தத் தளம் நழுவியதுபோல் தெரியும்.

மொத்தக் கணக்கைக் கூட்டினால் கூடங்கள் 52, நடுச் சாலைகள் 52, பக்கச் சாலைகள் 56, பஞ்சரங்கள் 64. ஆக 224 உறுப்புகள். உண்மையில் செய்ய வேண்டியது கூடம் ஒன்று, பஞ்சரம் ஒன்று, பக்கச் சாலை ஒன்று, 3, 4, 5 மீட்டர் நடுச் சாலைகள் மூன்று என ஆறு மட்டுமே. இவற்றோடு தளத்தைச் சுற்றும் கபோதப் பட்டையின் அரை மீட்டர் துண்டும் அதன் மூலைத்துண்டும் சேரும்.

ஒரு தளம் அடுத்ததைவிடப் பக்கத்துக்கு அரை மீட்டர்தான் வெளியே நீள்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2 மீட்டர் சதுரக் கூடம் முழுதாக நிற்க அங்கே இடமில்லை. அதன் பெரும்பகுதி மேல்தளத்தின் சுவருக்குள் புதைந்துதான் இருக்கும். எனவே உறுப்பின் பின்முகங்களை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் யாரும் பார்க்காத பரப்புகள் 224 முறை கணக்கில் ஏறும். ஆனால் நீக்கிய பின் நடுக்கருவாக ஒரு மூடிய பெட்டியைத் தளந்தோறும் வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெயில் அமைத்துப் பார்க்கும்போது இடைவெளிகள் வழியே ஒளி ஒழுகி, சுவரின் அடியில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்.

பெருக்குவதும் பிறப்பிப்பதும்

மேலோட்டமாகப் பார்த்தால் அர்ரேயும் இன்ஸ்டன்சிங்கும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். உள்ளே நடப்பது வேறு. `Array` மாடிஃபையர் மெஷ்ஷை உண்மையிலேயே பெருக்குகிறது. பத்துப் பிரதி என்றால் பத்து மடங்கு புள்ளிகள் நினைவகத்தில் உட்காரும். இன்ஸ்டன்சிங்கில் மெஷ் ஒன்றுதான். ஒவ்வொரு பிரதிக்கும் எங்கே, எந்தத் திசையில், எந்த அளவில் என்ற குறிப்பு மட்டும் சேமிக்கப்படும். பிளெண்டரில் `Alt+D` கொடுத்து எடுக்கும் பிரதியும், கலெக்‌ஷன் இன்ஸ்டன்ஸும், ஜியாமெட்ரி நோட்ஸின் `Instance on Points` கணுவும் இந்த வகை.

எண்ணிப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஓர் உறுப்புக்குச் சராசரியாக 3000 முக்கோணங்கள் என்றால், 224 உறுப்புகளையும் தனி மெஷ்ஷாக வைக்க 6,72,000 முக்கோணங்களைச் சேமிக்க வேண்டும். இன்ஸ்டன்சாக வைத்தால் ஆறு மெஷ்களின் 18,000 முக்கோணங்களும், ஒவ்வொரு பிரதிக்கும் 64 பைட் இடக்குறிப்பும் போதும். 224 குறிப்புகளும் சேர்ந்து 14 கிலோபைட்தான். இதை வைத்துக்கொண்டு 'இன்ஸ்டன்சிங் போட்டால் எல்லாம் இலவசம்' என்று நினைத்துவிடக் கூடாது. திரையில் வரையும்போது கிராஃபிக்ஸ் கார்டு அந்த 6,72,000 முக்கோணங்களையும் வரைந்தே தீரும். மிச்சமாவது நினைவகமும், 'இதை வரை' என்று செயலி கார்டுக்கு அனுப்பும் கட்டளைகளின் எண்ணிக்கையும்தான். 224 கட்டளைகள் போக வேண்டிய இடத்தில், ஒரு மெஷ்ஷுக்கு ஒன்றாக ஆறு போகும்.

ஆறு என்ற அந்த எண் நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. எல்லா உறுப்பும் ஒரே மெட்டீரியலில் இருக்க வேண்டும். கூரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, கபோதத்துக்கு ஒன்று என்று ஓர் உறுப்பில் மூன்று மெட்டீரியல் வைத்தால் கட்டளைகள் பதினெட்டாகும். பொதுவான ஒரே டெக்ஸ்சர் தொகுதி தேவைப்படுவதற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம்.

அர்ரேயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதன் இடம் உறுப்புக்கு உள்ளே. சாலையின் நடுத் துண்டையும் கபோதப் பட்டையையும் அர்ரேயால் நீட்டி ஒரு மெஷ்ஷாக்கி, முடிந்த உறுப்பை இன்ஸ்டன்சாகக் கோபுரம் முழுக்க வைப்பதே என் அனுபவத்தில் சரியாக நடக்கும் பிரிவினை. உள்ளே பயன்படுத்தும்போது `Relative Offset`-ஐத் தவிர்த்து `Constant Offset`-ஐ எடுக்க வேண்டும். முன்னது பொருளின் எல்லைப்பெட்டியை வைத்து இடைவெளியைக் கணக்கிடுகிறது. பட்டையின் ஓரத்தில் ஒரு மகர முகத்தை 3 சென்டிமீட்டர் துருத்திவிட்டால் எல்லைப்பெட்டி விரிந்து, 20 மீட்டர் வரிசை முழுவதும் ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டுவிடும். `Object Offset`-இல் இன்னொரு பொறி இருக்கிறது: பொருளின் அளவு மாற்றத்தை `Ctrl+A` கொடுத்து நிலைப்படுத்தாமல் விட்டிருந்தால், நேராகப் போக வேண்டிய வரிசை தானாகச் சுருங்கியோ விரிந்தோ போகும். வரிசையின் கடைசித் துண்டு முதல் துண்டைவிடச் சிறியதாகத் தெரிந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

விதியை எழுதி அதைக் கொண்டு கட்டடம் வளர்க்கும் சிந்தனைக்குத் தனி வரலாறு உண்டு. ஜார்ஜ் ஸ்டைனியும் ஜேம்ஸ் கிப்ஸும் 1971இல் வடிவ இலக்கணம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். 2006இல் பாஸ்கல் முல்லர், பீட்டர் வோங்கா முதலியோர் கட்டட முகப்புகளை விதிகளால் பிரித்துப் பிரித்து உருவாக்கும் முறையை வெளியிட்டார்கள். மேலே உள்ள ஐந்து வரிக் கணக்கு அந்த மரபின் மிகச் சிறிய கிளை. முழு விதி இலக்கணமாக எழுதினால் ஒரே கோப்பிலிருந்து 5 தளம், 9 தளம், 13 தளம் என எந்த விமானமும் பிறக்கும். ஒரே ஒரு கோபுரம்தான் வேண்டும் என்றால் அவ்வளவு உழைப்பு தேவையில்லை. கணக்கை எழுதி இன்ஸ்டன்சுகளை வைத்தாலே போதும்.

கேம் இன்ஜினுக்குக் கொண்டுபோகும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் உறுப்பின் எல்லாப் பிரதிகளையும் ஒரே தொகுதியாக்கினால், அதில் ஒரு மூலை திரையில் தெரிந்தாலும் முழுத் தொகுதியும் வரையப்படலாம். சதுர விமானத்தைத் தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு முகங்களுக்குமேல் தெரியாது. முகத்துக்கு ஒன்றாக நான்கு தொகுதிகள் வைத்தால் பாதி வேலை குறையும். அன்ரியலில் தொகுதியைச் சிறு கொத்துகளாக உடைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. 2022இல் வந்த நானைட் முக்கோணக் கவலையையே பெருமளவு நீக்கியது. ஆனாலும் உறுப்பை எங்கே வெட்டுவது, எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்ற முடிவுகளை எந்த இன்ஜினும் நமக்காக எடுப்பதில்லை.

ஒரே டெக்ஸ்சரில் ஒரு விமானம்

நீளவாக்கில் முடிவின்றித் தொடரக்கூடிய பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒரே படத்தை டிரிம் ஷீட் என்கிறார்கள். சன்செட் ஓவர்டிரைவ் விளையாட்டுக்காக இன்சோம்னியாக் நிறுவனத்தில் இந்த முறையை எப்படிக் கையாண்டார்கள் என்று மார்ட்டன் ஓல்சன் 2015ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் விளக்கிய பிறகு அது பரவலாகப் பேசப்பட்டது. நகரக் கட்டடங்களுக்காக விளக்கப்பட்ட முறை அது. என்றாலும் இதைவிட இயல்பாக அது பொருந்தும் கட்டடம் திராவிட விமானத்தைத் தவிர வேறெது என்று எனக்குத் தெரியவில்லை. பத்ம வரி, யாளி வரி, கபோதம், அரைத்தூண் வரிசை என்று விமானமே கிடைப்பட்டைகளாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

நம் மாதிரிக்கு 2048 பிக்சல் சதுரப் படம் ஒன்று போதும். மீட்டருக்கு 512 பிக்சல் என்ற அடர்த்தியில் அது 4 மீட்டர் அகலத்தைத் தாங்கும். மேலிருந்து கீழாக இப்படிப் பிரிக்கிறேன்: வெறுங்கல்லுக்கு 512 பிக்சல், அரைத்தூண் சுவருக்கு 512, கூடு வளைவுகளோடு கூடிய கபோதத்துக்கு 256, யாளி வரிக்கு 128, பத்ம வரிக்கு 128. மிச்சமுள்ள 512 பிக்சலில் தொடராத தனி உருவங்கள்: கூடத்தின் கூரை, சாலையின் நாசி முகப்பு, பஞ்சரத்தின் முகம். கூட்டினால் சரியாக 2048. நிறம், நார்மல், சொரசொரப்பு ஆகிய மூன்று படங்களும் இதே பிரிவினையில் அமையும்.

அரை மீட்டர் அலகு இங்கே மறுபடியும் வேலை செய்கிறது. அரை மீட்டர் என்பது 256 பிக்சல். கபோதப் பட்டையில் 256 பிக்சலுக்கு ஒரு கூடு வரைந்தால் படத்தின் அகலத்தில் சரியாக எட்டுக் கூடுகள். உறுப்புகளின் நீளமெல்லாம் அரை மீட்டரின் மடங்காக இருப்பதால் எந்த உறுப்பிலும் கூடு பாதியில் வெட்டுப்படாது. 2.5 மீட்டர் பக்கச் சாலையில் ஐந்து கூடுகள், 1 மீட்டர் பஞ்சரத்தில் இரண்டு. அலகைத் தீர்மானிக்காமல் முதலில் டெக்ஸ்சரை வரைந்துவிட்டு, பிறகு உறுப்புகளை அதற்கேற்ப இழுப்பவர்களின் மாதிரியில் மூலைதோறும் அரைக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முகப்பின் நடு அச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 4 மீட்டர் சாலையில் எட்டுக் கூடுகள் வந்தால் அச்சில் விழுவது இரண்டு கூடுகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம். அங்கே நாசி முகப்பு அதை மறைத்துவிடும். மறைக்காத கபோதப் பட்டையில் கூடு நடுவில் வேண்டுமென்றால் யூவியை 128 பிக்சல் தள்ளி வைக்க வேண்டும். அப்போது மூலைத்துண்டுகளையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

பட்டைகளை நெருக்கி அடுக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அது தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். தொலைவில் உள்ள பரப்புக்குக் கார்டு படத்தின் சிறிய பதிப்பைப் பயன்படுத்தும். ஒவ்வொரு படியிலும் படம் பாதியாகும். நான்காவது படியில் 128 பிக்சல் யாளி வரி வெறும் 8 பிக்சலாகிவிடும். பட்டைகளுக்கிடையே விட்ட காப்பு ஓரம் 8 பிக்சல் என்றால் அது அரைப் பிக்சலாகி, பக்கத்துப் பட்டையின் நிறம் உள்ளே கசியும். கபோதத்தின் விளிம்பில் மெல்லிய வெளிறிய கோடு தெரிகிறது, கிட்டப் போனால் மறைகிறது என்றால் காரணம் இதுதான். ஓரத்தை 16 பிக்சலாக்கினால் நான்காம் படிவரை தாங்கும். விமானத்தை ஊருக்கு வெளியிலிருந்து காட்டும் காட்சிக்கு அதுவும் போதாது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் நிறத்தை ஒன்றோடொன்று ஒத்ததாக வைப்பதே பாதுகாப்பு. கருங்கல் கோயில் என்பதால் இது எளிதில் கூடிவருகிறது. வண்ணச் சுதைக் கோபுரத்தில் இவ்வளவு எளிதல்ல.

ஒரே படத்தின் ஒரே பகுதியை நூற்றுக்கணக்கான இடங்கள் பகிர்ந்துகொள்வதால், இடத்துக்கு இடம் மாறும் எதையும் அந்தப் படத்தில் வரைய முடியாது. கூடத்தின் அடியில் படியும் நிழல், மழைநீர் வழிந்த கறை, ஒரு கல் சற்றுக் கறுத்திருப்பது எல்லாம் இந்த வகை. மெஷ்ஷுக்கே உரிய இடுக்கு நிழலைப் புள்ளி வண்ணமாக மெஷ்ஷில் வைக்கலாம். எல்லாப் பிரதிக்கும் அது பொதுவானதுதான், அதனால் குற்றமில்லை. கல்லின் நிற வேறுபாட்டுக்குப் பிரதிக்கு ஒரு தற்செயல் எண் போதும். பிளெண்டரில் `Object Info` கணுவின் `Random` அதைத் தரும். அந்த எண்ணால் நிறத்தை மிகக் கொஞ்சமாக அசைக்க வேண்டும். கூடினால் உறுப்புகள் வெவ்வேறு கல்லில் செய்து ஒட்டியதுபோல் பிரிந்து தெரியும். வழியும் கறையை மட்டும் உறுப்பின் கணக்கில் அல்லாமல், உலக ஆயத்தின் கணக்கில் மேலிருந்து கீழாக ஓடும் இன்னொரு மெல்லிய படமாக மேலே பூச வேண்டும். அது உறுப்பின் எல்லையைக் கடந்து ஓடும்போதுதான் 224 துண்டுகளும் ஒரே கட்டடத்தின் மேனியாகச் சேர்கின்றன. இந்த ஒரு படியை விட்டுவிட்ட மாதிரிகளே அதிகம். எல்லாம் சரியாகச் செய்தும் பிளாஸ்டிக் போலத் தோன்றுகிறதே என்ற குறைக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் கிடைக்கிறது.

முன் சுட்ட லைட்மேப் வேண்டும் என்றால், ஒன்றன்மேல் ஒன்று படியாத இரண்டாவது யூவி தேவை. நான்கு முகங்களுக்கும் உறுப்புகளை 90 பாகையாகத் திருப்பி வைக்கலாம். கண்ணாடி பிம்பமாக எதிர்மறை அளவு கொடுத்துப் புரட்டக் கூடாது. புரட்டினால் சில இன்ஜின்களில் நார்மல் மேப்பின் மேடுபள்ளம் தலைகீழாகி, ஒளி வலமிருந்து வரும்போது இடமிருந்து வருவதுபோல் தெரியும்.

முறை நிற்கும் இடங்கள்

13ஆம் தளத்துக்குமேல் இந்த விதி செல்லாது. அங்கே கிரீவமும் எண்பட்டைச் சிகரமும் வருகின்றன. சிகரத்துக்கு எட்டில் ஒரு பங்கைச் செய்து 45 பாகைக்கு ஒன்றாகச் சுற்றி வைக்கலாம். சிகரத்தின் அடியில் மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள் அமர்ந்திருக்கின்றன. அவற்றையும் இன்ஸ்டன்சாக வைக்கலாம். அவை கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் ஒரே நந்தி எட்டு முறை வருவது உறுத்தாது. ஸ்தூபி ஒன்றே ஒன்று. சிகரத்தின் கூரை டிரிம் ஷீட்டின் எந்தப் பட்டையிலும் அடங்காது, அதன் வளைவு நேர்ப்பட்டைகளை இழுத்துக் கோணலாக்கிவிடும். அதற்குத் தனிப் படம் கொடுப்பதே நல்லது. ஒரு மெட்டீரியல் கூடுவதால் எதுவும் குடிமுழுகிப் போகாது.

விமானத்தின் கீழே இரண்டு தட்டுகளாக எழும் சுவரில் கோட்டங்களுக்குள் நிற்கும் தெய்வ உருவங்களுக்கும் இந்த முறை பொருந்தாது. அங்கே கோட்டத்தின் சட்டத்தை உறுப்பாக்கி, உள்ளே நிற்கும் சிற்பத்தைத் தனியாகச் செய்ய வேண்டும், அல்லது நிழலில் விட வேண்டும். ஒரே சிற்பத்தை எல்லாக் கோட்டத்திலும் நிறுத்துவது கோயிலை அறிந்தவர் எவரும் மன்னிக்காத பிழை.

ஆவணப்படுத்தும் நோக்கம் உள்ளவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறுப்பு மாதிரி எல்லாக் கூடங்களும் ஒன்றே என்று சொல்கிறது. கல்லில் செதுக்கிய எந்த இரண்டு கூடமும் ஒன்றல்ல. சாய்ந்ததும் சிதைந்ததும் பிற்காலத்தில் பழுதுபார்த்ததும் ஒளிப்பட அளவீட்டில்தான் பதிவாகும். தஞ்சைக்கு பியேர் பிஷார் செய்து 1995இல் வெளிவந்த விரிவான கட்டடக்கலை ஆய்வு போன்ற அளவெடுத்த வரைபடங்கள் இருப்பவர்கள், உண்மை அகலங்களையும் உறுப்பு எண்ணிக்கையையும் அதிலிருந்து எடுத்து மேலே சொன்ன கணக்கில் `L` என்பதற்குத் தளவாரியாக இட்டுக்கொள்ளலாம். அப்போது அகலங்கள் அரை மீட்டரின் மடங்காக வந்து விழாது. மிச்சத்தை உறுப்புகளின் மேல் ஏற்றாமல் இடைவெளிகளில் பகிர்ந்துவிட வேண்டும். இடைவெளிச் சுவர் வெறுங்கல் பட்டையில் இருப்பதால் அங்கே சில சென்டிமீட்டர் கூடுவதையும் குறைவதையும் கூடு வளைவுகள் காட்டிக்கொடுக்காது.